நகை அடைவு: தங்கம் இறங்கினால் என்ன ஆகும்?

பரந்தன்: அண்ணா, இன்று ஒரு பவுணுக்கு எவ்வளவு தருவார்கள்?

வங்கிக்கு வங்கி, நாளுக்கு நாள் மாறும். கிளையில் கேளுங்கள். நகைக்கடை விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். செய்கூலிக்கும் கல்லுக்கும் வங்கி ஒரு சதமும் தராது.

மாங்குளம்: காலபோக விதைப்புக்கு மூன்று பவுண் சங்கிலியை ஒரு வருடத்துக்கு அடைவு வைத்தேன். விலை இறங்கினால் உடனே காசு கட்டச் சொல்வார்களா?

பெரும்பாலும் தவணை முடியும்வரை பேசமாட்டார்கள். அடி விழுவது புதுப்பிக்கப் போகும் நாளில்தான். ஒரு கணக்குக்காகப் பவுணை 2 லட்சம் என்று மதித்தார்கள் என்று வைப்போம். சங்கிலி 6 லட்சம். நூற்றுக்கு 75 வீதம் என்றால் கையில் 4,50,000 ரூபாய். வருட வட்டி 18 வீதமானால் தவணை முடிவில் கடன் 5,31,000.

இதற்கிடையில் பவுண் 1,60,000 ஆகிவிட்டது. சங்கிலி இப்போது 4,80,000. அதே 75 வீதத்தில் புதிய அடைவு 3,60,000 மட்டுமே. மிச்சம் 1,71,000 ரூபாயை நீங்கள் கொண்டுபோக வேண்டும். வட்டியான 81,000 ரூபாயை மட்டும் கட்டினால் போதும் என்று போனவர் கவுண்டரில் நின்று முழிப்பார். முதலிலேயே 3,60,000 மட்டும் எடுத்திருந்தால், இந்தச் சரிவிலும் வட்டி 64,800 ரூபாயைக் கட்டிவிட்டுப் புதுப்பித்திருக்கலாம். தருகிறார்கள் என்பதற்காக முழுவதையும் எடுக்காதீர்கள்.

ஒட்டுசுட்டான்: முழுவதையும் எடுத்துவிட்டு, இறங்கினால் நகையை அவர்களுக்கே விட்டுவிடுவதுதானே புத்தி?

பாதி சரி. 2013 ஏப்ரலில் தங்கம் சரிந்த பிறகு அப்படி விட்டவர்கள் இருந்தார்கள், வங்கிகளும் அடிபட்டன. ஆனால் ஏலத்தில் கடன் தீராவிட்டால் மிச்சத்தையும் கேட்கலாம் என்ற நிபந்தனை உங்கள் ரசீதில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

ஒட்டுசுட்டான்: எங்கள் ஊரில் எவரிடமும் கேட்கவில்லை ஐயா.

சின்னத் தொகைக்கு யாரும் வழக்குப் போடமாட்டார்கள் என்பதை நானும் மறுக்கவில்லை. பத்துப் பவுண் தாலிக்கொடியில் அதைச் சோதித்துப் பார்க்க நான் துணியமாட்டேன்.

வவுனியா: இன்று பவுணுக்கு எவ்வளவு?

முதல் பதிலைப் படியுங்கள்.

புதுக்குடியிருப்பு: இங்கே விலையைப் பற்றிப் பேசுகிறீர்கள்; என் அடைவு ரசீதே தொலைந்துவிட்டது.

இன்றே கிளைக்குப் போய் எழுத்தில் அறிவியுங்கள். வேறொருவர் ரசீதோடு வந்து மீட்பதைத் தடுப்பதுதான் முதல் வேலை. மற்றப் பத்திரங்களை அவர்களே கேட்பார்கள்.

மல்லாவி: நான்கு காப்புகளை ஒன்றாக வைத்தேன். அறுவடைக் காசில் ஒன்றை மட்டும் மீட்கலாமா?

ஒரே ரசீது என்றால் பெரும்பாலும் முடியாது. அடுத்த முறை ஒவ்வொரு காப்புக்கும் தனி ரசீது கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர் முகம் சுளிப்பார். எழுதித் தரும்வரை நில்லுங்கள்.