வேகத்துக்கு சென்சார் இல்லை; நிலைப் பின்னூட்டம் கொடுப்பது எப்படி?

கேள்வி: மோட்டாரின் கோணத்தைக் கட்டுப்படுத்த, துருவங்களை வேண்டிய இடத்தில் வைத்து K கண்டுபிடித்துவிட்டேன். அது கோணம், வேகம் இரண்டையும் கேட்கிறது; என்னிடம் என்கோடர் மட்டும்தான் இருக்கிறது. அடுத்தடுத்த கோணங்களைக் கழித்து வேகம் எடுத்தால் மோட்டார் கரகரவென்று அதிர்கிறது. அப்சர்வர் போட்டால் நான் வைத்த துருவங்கள் நகர்ந்துவிடாதா?

பதில்: நகராது, கணக்கில் எடுத்த மாதிரி உண்மையான மோட்டாரோடு ஒத்துப்போகும் வரை. K-யின் துருவங்களும் அப்சர்வரின் துருவங்களும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே நிற்கும். அதனால் K-யை அப்படியே விட்டுவிட்டு, அப்சர்வரின் பெருக்கமான L-ஐத் தனியாகக் கணக்கிடலாம்.

ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம்: `θ' = ω`, `ω' = -2ω + 10u`. துருவங்கள் -4±4j-ல் வேண்டுமென்றால் K = [3.2 0.6]. அப்சர்வர் என்பது இதே மாதிரியைக் கன்ட்ரோலருக்குள் ஓட்டி, அளந்த கோணத்துக்கும் கணித்த கோணத்துக்கும் உள்ள பிழையால் திருத்திக்கொண்டே போவது.

```
A = [0 1; 0 -2];  B = [0; 10];  C = [1 0];
K = place(A, B, [-4+4j -4-4j]);
L = place(A', C', [-20 -22])';   % [40; 360]
```

-20, -20 என்று ஒரே இடத்தில் இரண்டைக் கொடுத்தால் இங்கே `place` மறுத்துவிடும், அதனால்தான் -22.

இப்போது அதிர்வுக்கு வருவோம். சுற்றுக்கு 4000 எண்ணிக்கை தரும் என்கோடரில் ஒரு படி 0.00157 ரேடியன். ஒரு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கழித்தால், அந்த ஒரு படியே வேகத்தை 1.57 ரேடியன்/செகண்ட் குதிக்க வைக்கும், 0.6-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் உதறல். மேலே உள்ள அப்சர்வரில் அதே படி, வேகக் கணிப்பை அதிகபட்சம் 0.01 அளவுக்குத்தான் அசைக்கும். துருவங்களை -200, -220-க்குத் தள்ளினால் இது 0.12 ஆகிவிடும். கன்ட்ரோலரைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகம் போதும் என்பது என் கட்சி.

சரி, எங்கே கெடும்? தண்டில் நிலையான சுமை இருந்தால் அது மாதிரிக்குத் தெரியாது. சுமை, வேகத்தை 11 ரேடியன்/செகண்ட்² வீதம் குறைக்கப் பார்த்தால், கணித்த வேகம் உண்மையைவிட 1 ரேடியன்/செகண்ட் அதிகமாகவே நிற்கும். கோணப் பிழையை வரைந்து பாருங்கள்: பூஜ்யத்தைச் சுற்றி ஆடாமல் 0.025 ரேடியன் தள்ளி, 16 எண்ணிக்கை அளவில் உட்கார்ந்திருக்கும். அப்போது சுமையையே மூன்றாவது நிலையாகச் சேர்த்து மதிப்பிட வேண்டும். L-ஐக் கூட்டுவது வழியல்ல.

இன்னொன்று: டிரைவர் 12 வோல்ட்டில் வெட்டினால், அப்சர்வருக்கும் வெட்டிய u-வைத்தான் கொடுக்க வேண்டும். கணக்கில் வந்த 30 வோல்ட்டைக் கொடுத்தால், மோட்டார் ஓடாத வேகத்தில் மாதிரி ஓடும்.

அப்புறம், என்கோடரைக் கழற்றிவிட்டு வேக சென்சார் மட்டும் வைக்கலாமா என்று யோசிக்க வேண்டாம். தொடக்கக் கோணம் வேகத்தில் எந்தத் தடயமும் விடாது. `rank(obsv(A,[0 1]))` 1 என்றுதான் காட்டும், எந்த L-ஆலும் அதை மீட்க முடியாது.