இப்போதைய சம்பளத்தைச் சொல்லாமல் விடுவது எப்படி?

வணக்கம்ங்க. கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் நாலு வருசமா டிசைன் இன்ஜினியரா இருக்கேன். மாசம் 30,000 சிடிசி. சரவணம்பட்டியில் ஒரு வேலைக்கு கன்சல்டன்சியிலிருந்து கூப்பிட்டாங்க. முதல் கேள்வியே "கரண்ட் சிடிசி எவ்வளவு?" சொன்னால் அதுக்கு மேல கொஞ்சம் போட்டு முடிச்சுடுவாங்கன்னு பயமா இருக்குங்க. சொல்லாமல் தவிர்த்தால் கோபிச்சுக்குவாங்களா? நாளைக்கு மறுபடி கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க.
— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள வாசகருக்கு,

பயம் நியாயமானதுதான். பல இடங்களில் பழைய சம்பளத்தின் மேல் 20, 30 சதவீதம் என்று ஒரு கணக்கு போடுகிறார்கள். உங்கள் 3.6 லட்சத்துக்கு 30 சதவீதம் கூட்டினால் 4.68 லட்சம். அந்த வேலைக்கு அவர்கள் 6 லட்சம் ஒதுக்கியிருந்தாலும் பேச்சு 4.68-ஐச் சுற்றித்தான் நடக்கும்.

கூப்பிடுகிறவரின் நிலையையும் பாருங்கள். அவருடைய எக்செல் ஷீட்டில் இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். வெறும் "சொல்ல மாட்டேன்" என்றால் அவர் கையில் எழுத ஒன்றும் இராது. அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஆகவே மறுப்பையும் எதிர்பார்ப்பையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: "இப்போதைய சம்பளத்தை இந்தக் கட்டத்துல சொல்ல வேண்டாம்னு இருக்கேங்க. இந்த வேலைக்கு நான் எதிர்பார்க்கறது வருசத்துக்கு 6 லட்சத்துல இருந்து 6.75 வரைக்கும், ஃபிக்ஸட் மட்டும். உங்க பட்ஜெட்டுக்குள்ள வருதுங்களா?" கேள்வியில் முடித்துவிட்டுப் பேசாமல் இருங்கள். மௌனம் சங்கடமாக இருக்கிறதே என்று விளக்கம் சொல்லப் போனால் பழைய எண் தானாக வாயில் வந்துவிடும்.

கீழ் எண்ணைக் கவனமாக வையுங்கள், பேரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். கைக்கு எவ்வளவு வரும் என்று முன்பே போட்டுப் பாருங்கள். 6 லட்சம் என்றால் மாதம் 50,000. பேசிக் அதில் பாதி, 25,000 என்று வைப்போம். கம்பெனியின் பிஎஃப் பங்கு 12 சதவீதம் 3,000, கிராஜுவிட்டி 4.81 சதவீதம் சுமார் 1,200. இரண்டையும் சிடிசிக்குள்ளேயே சேர்ப்பது வழக்கம். உங்கள் பிஎஃப் பங்கு இன்னொரு 3,000. ஆக, கையில் வருவது 42,800 அளவு. அதிலும் தொழில் வரி சிறிது போகும். பிஎஃப்பை 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் பிடிக்கும் கம்பெனி என்றால் இருவர் பங்கும் 1,800 தான், கைக்கு 45,200 வரும். ஒரே 6 லட்சத்தில் மாதம் 2,400 வித்தியாசம் என்பதால் பிஎஃப் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். "ஃபிக்ஸட்" என்று அழுத்திச் சொல்வதற்கும் இதே போன்ற காரணம்தான். சொல்லாவிட்டால் 6 லட்சத்துக்குள் வேரியபிளும் போனஸும் ஒளிந்துகொள்ளும்.

அவர் விடாமல், "சிஸ்டம்ல ஏத்தியே ஆகணுங்க" என்பார். "அந்தக் கட்டத்துல 'பிறகு பேசப்படும்'னு போட்டுக்கங்க, எதிர்பார்ப்பைத் தெளிவா குறிச்சுக்கங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஆன்லைன் படிவம் எண்ணை மட்டும்தான் ஏற்கும் என்றால், என்ன போடுவது என்று அவரிடமே மெயிலில் கேளுங்கள். எதிர்பார்க்கும் தொகையை இப்போதைய சம்பளக் கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். அது பொய்த் தகவலாகிவிடும்.

கூட்டிச் சொல்வதும் வேண்டவே வேண்டாம். ஆஃபருக்கு முன்னோ பின்னோ மூன்று மாத பே-ஸ்லிப் கேட்பார்கள், சிலர் பேங்க் ஸ்டேட்மென்டும் கேட்பார்கள். பிஎஃப் பாஸ்புக்கில் எந்தச் சம்பளத்துக்குப் பிடித்தார்கள் என்பதே தெரியும். அங்கே பிடிபட்டால் கையில் வந்த ஆஃபரும் போய்விடும்.

சம்பளம் கேட்பதைத் தடுக்கும் தேசியச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் உண்டு. அதனால் "இதைக் கேட்கக் கூடாது" என்று வாதம் செய்யாதீர்கள். கடைசிவரை மறைப்பதும் நடக்காத காரியம். புது சம்பளம் முடிவான பிறகு பே-ஸ்லிப் போகட்டும், அந்த வரிசைக்காகத்தான் இத்தனை பேச்சும். "சம்பளம் எழுத்துல உறுதியானதும் பே-ஸ்லிப் அனுப்பறேங்க" என்று சொல்வதில் தப்பில்லை.

அதன் பிறகு 3.6-ஐப் பார்த்துவிட்டு எண்ணைக் குறைக்க வந்தால், "முன்னாடி பார்த்த வேலை வேற, இதுக்குப் பேசினது இந்த வேலையோட பொறுப்புக்கு" என்று ஒரே வரியில் நில்லுங்கள். பே-ஸ்லிப் இல்லாமல் இன்டர்வியூவுக்கே அனுப்ப முடியாது என்று மறுத்துவிடுகிற இடமும் உண்டு. அந்த வேலை உங்களுக்கு அவ்வளவு தேவையென்றால் உண்மையான எண்ணைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் 6 லட்சத்தையும் சொல்லுங்கள். நாளைக்குப் போன் வைத்ததும் எதிர்பார்ப்புத் தொகை, ஃபிக்ஸட் என்ற சொல், நோட்டீஸ் பீரியட் மூன்றையும் இரண்டு வரி மெயிலாக அவருக்கு அனுப்பிவிடுங்கள்.