யார் கண்டது? கொரிய மொழியில் ஆய்வுச் சுருக்கம்

வணக்கம் சார்,

டேஜானில் முனைவர் பட்ட ஆய்வு முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். ஆய்வேடு ஆங்கிலத்தில்தான். ஆனால் கொரிய மொழியிலும் ஒரு சுருக்கம் வைக்க வேண்டும். தமிழிலும் கொரியத்திலும் வினை கடைசியில் வருகிறது, எழுவாயை விட்டுவிடலாம். அதனால் ஆங்கிலத்தை மனதுக்குள் தமிழாக்கி, அதே வரிசையில் கொரியச் சொற்களைப் போட்டேன். லேபில் இருக்கும் சீனியர் பாதி வாக்கியங்களின் ஓரத்தில் 'யார்?' என்றும், மீதியில் 'எது எதோடு?' என்றும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இலக்கணம் சரிதான் என்றும் சொல்கிறார். அப்படியானால் பிழை எங்கே?

கவிதா

அன்புள்ள கவிதா,

தமிழ் வழியாகப் போனது நல்ல யோசனைதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தமிழ் நெடுந்தூரம் கூட வரும், வினைமுற்றில் வந்து கைவிட்டுவிடும்.

தமிழில் 'கண்டோம்' என்று எழுதினால் போதும், 'நாங்கள்' தேவையில்லை. 'கண்டனர்' என்றால் வேறு யாரோ. எழுவாயை நாம் விடுகிறோமே தவிர ஆளை விடுவதில்லை, அவர் விகுதியில் உட்கார்ந்திருக்கிறார். கொரிய வினையில் அந்த இருக்கையே கிடையாது. 'ஹ்வாகின்ஹயொத்தா' என்றால் உறுதிசெய்தது. நான் செய்தாலும், நாங்கள் செய்தாலும், போன தலைமுறைக்காரர்கள் செய்தாலும் அதே சொல்தான். பேச்சு வழக்கிலாவது மரியாதை விகுதி ஒன்று கைகொடுக்கும்: அது வினையில் சேர்ந்திருந்தால், பேசுகிறவர் தன்னைச் சொல்லவில்லை என்று புரிந்துவிடும். ஆய்வுக் கட்டுரையில் எவ்வளவு பெரிய பேராசிரியரைப் பற்றி எழுதினாலும் அந்த விகுதி போடுவதில்லை. ஆக அந்தத் துப்பும் போயிற்று.

உங்கள் சீனியரின் 'யார்?' பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்களில் விழுந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். சுருக்கத்தின் தொடக்கத்தில் முந்தைய ஆய்வுகளைப் பற்றி ஒன்றிரண்டு வரி இருக்கும், பிறகு 'நாங்கள்' வருவோம். 'முந்தைய ஆய்வுகள் செராமிக் பூச்சு வெப்பத்தைத் தாங்கும் என்று காட்டின. பூச்சின் தடிமனைக் குறைத்துச் சோதித்தோம்.' தமிழில் குழப்பமே இல்லை. கொரியத்தில் இரண்டாவது வாக்கியத்தை எழுவாய் இல்லாமல் எழுதினால், முதல் வாக்கியத்தில் யார் இருந்தார்களோ அவர்களே தொடர்கிறார்கள் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். உங்கள் மூன்று வருட உழைப்பு வேறு யார் பெயரிலோ போய்ச் சேரும்.

இதற்கு 'நாங்கள்' என்று பொருள்படும் 'உரி'யைத் தேடிப் போகாதீர்கள். சில துறைகளில் கண்ணில் படும், ஆனால் கொரியச் சுருக்கங்களில் பொதுவாக அதைத் தவிர்க்கிறார்கள். வழக்கமான சொற்றொடர் 'போன் யொன்கு-எசொ-னுன்'. 'இந்த ஆய்விலோவெனில்' என்பதுபோல ஒன்று. கவனித்துப் பாருங்கள், அது எழுவாயே இல்லை, ஒரு இடம். செய்தவரைச் சொல்லாமல் எந்த வீட்டில் நடந்தது என்று சொல்லிவிடுகிறது. முந்தைய ஆய்வுகளிலிருந்து உங்கள் ஆய்வுக்குத் தாவும் இடத்தில் ஒருமுறை போடுங்கள். அடுத்தடுத்த வாக்கியங்களிலும் நீங்களே தொடர்ந்தால் மறுபடி வேண்டாம். நடுவில் வேறொருவர் புகுந்து வெளியே போனால் மட்டும் திரும்பப் போடுங்கள். பயத்தில் எல்லா வாக்கியத்துக்கும் போடுகிறவர்களும் உண்டு, அது திண்ணைப் பெரியவர் சொல்லுக்குச் சொல் 'நம்ம காலத்துல' என்பதுபோல இருக்கும்.

அடுத்து 'எது எதோடு?'. இதில் தமிழ் உங்களைக் கைவிடவில்லை, தானும் சேர்ந்து குழியில் விழுகிறது. அதனால் தமிழிலேயே காட்டிவிடலாம். செப்பரேட்டர் என்பது பேட்டரியின் இரு மின்முனைகளைப் பிரித்து வைக்கும் சவ்வு, டென்ட்ரைட் என்பது உள்ளே ஊசிபோல வளரும் உலோகக் கிளை. நானாகக் கட்டிய ஒரு பேட்டரி வாக்கியம், ஆங்கில வரிசையில்: நாங்கள் கண்டோம் / செப்பரேட்டரில் மெல்லிய செராமிக் அடுக்குப் பூசுவது / தடுக்கிறது / லித்தியம் டென்ட்ரைட் வளர்ச்சியை / அவைதான் ஷார்ட் சர்க்யூட்டுக்குக் காரணம் / 500 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் / பேட்டரியின் ஆயுள் நீளக்கூடும் என்று இது உணர்த்துகிறது.

'வாலில் தொடங்கித் தலைக்கு வா' என்றுதான் பலருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கடைசித் துண்டைத் தனியாக வைத்துவிட்டு அப்படியே செய்தால் கிடைப்பது: '500 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் ஷார்ட் சர்க்யூட்டுக்குக் காரணமாகும் லித்தியம் டென்ட்ரைட்டுகளின் வளர்ச்சி, செப்பரேட்டரில் செராமிக் பூசினால் தடுக்கப்படுவதைக் கண்டோம்.'

500 முறைக்குப் பிறகும் என்ன நடக்கிறது? நாம் சொல்ல வந்தது, தடுப்பு நீடிக்கிறது என்று. வாக்கியம் சொல்வதோ, ஷார்ட் சர்க்யூட் நீடிக்கிறது என்று. வினை கடைசியில் வரும் மொழியில் காலமும் அளவும் சொல்லும் துண்டுகள் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே போய், பொருள் ஒட்டுகிற முதல் வினையில் தொற்றிக்கொள்ளும். ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் நின்ற விளக்கம், கொரியத்திலும் தமிழிலும் பெயரெச்சமாகிப் பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதற்குள் ஒரு வினை வாயைத் திறந்தபடி இருக்கிறது. முன்னால் வருவதை அது விழுங்கிவிடுகிறது.

சரிசெய்ய ஒரே ஒரு நகர்த்தல் போதும். 500 முறையைத் தூக்கி, அது சேர வேண்டிய வினைக்குப் பக்கத்தில் வையுங்கள்: 'செப்பரேட்டரில் மெல்லிய செராமிக் அடுக்கைப் பூசினால், ஷார்ட் சர்க்யூட்டுக்குக் காரணமாகும் லித்தியம் டென்ட்ரைட்டுகளின் வளர்ச்சி 500 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் தடுக்கப்படுகிறது.' இதைக் கொரியமாக்கும்போது வரிசை அப்படியே நிற்கும்.

இன்னும் ஒரு சின்ன உறுத்தல் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'அவைதான் காரணம்' என்பது காற்புள்ளிக்குப் பின்னால் வரும் கூடுதல் தகவல். பெயரெச்சமாக்கியதும், டென்ட்ரைட்டுகளில் ஷார்ட் சர்க்யூட் உண்டாக்கும் வகையை மட்டும் சொல்வதாகவும் படிக்கலாம். துறைக்காரர்கள் குழம்ப மாட்டார்கள். குழம்பக்கூடிய இடமாக இருந்தால், அந்தத் தகவலை மேலே முன்னுரை வரியில் சேர்த்துவிடுங்கள்.

'கண்டோம்' கடைசிக்குப் போவதால் வாசகர் இவ்வளவு நீளத்தையும், இது கண்டதா கருதியதா என்று தெரியாமலே சுமக்கிறார். கொரியர்கள் இதற்கு வைத்திருக்கும் வழி எனக்குப் பிடிக்கும். 'யொன்கு க்யொல்க்வா', அதாவது 'ஆய்வின் முடிவில்', என்று தொடங்கி, 'கொசுரோ நாத்தானத்தா', அதாவது 'என்று தெரியவந்தது', என்று முடிக்கிறார்கள். முதல் சொல்லிலேயே வரப்போவது முடிவு என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அளந்து கிடைத்த முடிவுகளுக்குத்தான் இது. 'இந்த முறையை முன்வைக்கிறோம்', 'இந்த வெப்பநிலையைத் தேர்ந்தோம்' போன்றவற்றுக்குப் போட்டால், நீங்கள் எடுத்த தீர்மானம் தானாக வானத்திலிருந்து விழுந்ததுபோல ஆகிவிடும்.

தனியாக வைத்த அந்த வாலை வெட்டித் தனி வாக்கியமாக்குங்கள். 'இனுன்' என்று தொடங்கி 'சிசாஹந்தா' என்று முடித்தால் 'இது உணர்த்துகிறது' ஆகிவிடும். நடுவில் 'நீளக்கூடும்' இருக்கிறதே, அந்தக் 'கூடும்' விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசை மாற்றும்போது முதலில் தொலைவது அதுதான்.

திருத்தியதை ஒரு நாள் ஆறப்போட்டு, ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டுப் படியுங்கள். ஒவ்வொரு 'பிறகு', 'போது', எண் வரும் இடத்திலும் விரலை வைத்து வலப்பக்கம் நகர்த்துங்கள், பொருந்தக்கூடிய முதல் வினை நீங்கள் நினைத்த வினைதானா என்று பாருங்கள். அப்புறம் சீனியரிடம் முழுப் பக்கத்தையும் நீட்ட வேண்டாம். முந்தைய ஆய்விலிருந்து உங்கள் ஆய்வுக்குத் தாவும் அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் காட்டி, இரண்டாவதைச் செய்தது யார் என்று கேளுங்கள்.