ராத்திரி எழுதின கேப்ஷனை காலையில் எப்படிப் படிப்பது?

கேள்வி: "ராத்திரி உட்கார்ந்து மனசுல இருக்கறதெல்லாம் எழுதிடறேன். காலையில படிச்சுட்டுப் போடலாம்னு வெச்சா, ஒண்ணு எல்லாம் சரின்னு தோணி அப்படியே போட்டுடறேன், இல்லன்னா வெட்கப்பட்டு மொத்தத்தையும் அழிச்சுடறேன். காலையில எதைத்தான் பார்க்கணும்?"

பதில்: அதே திரையில் படிப்பதுதான் முதல் கோளாறு. இன்ஸ்டாகிராமில் படத்தோடு சேர்த்து டிராஃப்டாக வைத்திருந்தால், காலையில் கண் படத்துக்குப் போகும், விரல் 'பகிர்' பொத்தானுக்குப் போகும், எழுத்து நடுவில் மாட்டிக்கொள்ளும். அந்த டிராஃப்ட் உங்கள் போனில்தான் இருக்கிறது. செயலியை நீக்கினால் அதுவும் போய்விடும். அதனால் இரவு எழுதியதை போனிலுள்ள குறிப்பேட்டுச் செயலியில், படம் இல்லாமல் வையுங்கள். காலையில் படுக்கையிலேயே எடுக்காதீர்கள். எழுந்து, ஒரு வேலையாவது முடித்துவிட்டு, எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, வாய்விட்டுப் படியுங்கள். எழுதியவர் கண் தன் வரிகளைப் படிக்காது, நினைவிலிருந்து ஒப்பிக்கும். எழுத்து பெரிதாகி வரிகள் வேறு இடத்தில் மடங்கும்போதுதான் அந்த ஒப்பித்தல் நிற்கும்.

இன்னொரு விதி: காலையில் வெட்டலாம், சேர்க்கக் கூடாது. ஒரு வாக்கியம் புதிதாகச் சேர்த்தாலும் அது இன்னொரு இரவு கிடக்கட்டும். காலையில் சேர்ப்பது பெரும்பாலும் நேற்றைய கோபத்துக்குச் சொல்லும் விளக்கமாக இருக்கும்.

வேலையை விட்டு வந்த ஒருவர் இரவில் இப்படி எழுதியதாக வைத்துக்கொள்வோம்:

"6 வருஷம் முடிஞ்சுது. சிலருக்கு நான் போறது சந்தோஷமா இருக்கும், பரவாயில்ல... அப்பா ஆபரேஷன் அன்னிக்கு ஒரு நாள் லீவு கேட்டு நின்னது மறக்காது. கடைசி நாள் ராத்திரி சாவியை ஒப்படைக்கும்போது காவலாளி அண்ணன் எழுந்து நின்னார். பிரியா இல்லன்னா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே போயிருப்பேன், அவளும் சீக்கிரம் வெளிய வந்துடுவா. திங்கக்கிழமை புது இடம்!"

முதலில் தொனி. 'சிலருக்கு' என்ற சொல்லில் நிறுத்துங்கள். எழுதியவர் மனதில் இருப்பது இரண்டு பேர். படிக்கும் பத்துப் பேர் "என்னையா சொல்றான்?" என்று கேட்டுக்கொள்வார்கள், அந்த இரண்டு பேர் மட்டும் கேட்க மாட்டார்கள். தமிழில் 'சிலர்', 'யாருன்னு அவங்களுக்கே தெரியும்', 'பரவாயில்ல' மூன்றும் பெயர் சொல்லாத குத்தல்கள். பின்னால் வரும் மூன்று புள்ளி, எழுதியவருக்குப் பெருமூச்சு, படிப்பவருக்கு மிரட்டல். வாய்விட்டுப் படிக்கும்போது எந்தச் சொல்லில் உங்கள் குரல் தானாகக் கீழிறங்குகிறதோ அங்கேதான் குத்தல் இருக்கிறது. அந்த வாக்கியம் முழுவதும் போகட்டும். ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் வேலைக்காகாது, குத்தல் பக்கத்துச் சொல்லுக்கு நகர்ந்துவிடும்.

அடுத்து, தேவைக்கு மேல் சொன்னது. இங்கே ஒரே கேள்வி போதும்: இந்தச் செய்தி யாருடையது? ஆபரேஷன் அப்பாவுடையது. ஊருக்குச் சொல்லலாமா என்று அவரைக் கேட்கவில்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள். பிரியா வேலையை விடப்போவது பிரியாவுடையது. எழுதியவர் நன்றி சொன்னதாக நினைக்கிறார். பிரியாவின் மேலாளர் அதை ராஜினாமாச் செய்தியாகப் படிப்பார். இரவில் இது கண்ணுக்கே படாது, ஏனென்றால் வாக்கியம் அன்பில் தொடங்குகிறது. அன்பான வாக்கியங்களில்தான் அடுத்தவர் ரகசியம் அதிகம் கசிகிறது. கோபமான வாக்கியத்தை எல்லோரும் இரண்டு முறை பார்ப்பார்கள், நன்றி சொல்லும் வாக்கியத்தை யாரும் பார்ப்பதில்லை. பிரியாவுக்கான நன்றி பிரியாவுக்குத் தனியாகப் போகட்டும்.

மிஞ்சுவது:

"6 வருஷம் முடிஞ்சுது. கடைசி நாள் ராத்திரி சாவியை ஒப்படைக்கும்போது காவலாளி அண்ணன் எழுந்து நின்னார். திங்கக்கிழமை புது இடம்."

ஆச்சரியக்குறியையும் எடுத்தாயிற்று, காவலாளி எழுந்து நின்ற வரிக்குப் பக்கத்தில் அது துள்ளுகிறது. மொத்தத்தையும் அழிக்கும் உங்களுக்கு இதுதான் வழி. வெட்கம் வந்தால் அழிக்காமல், கண்ணால் பார்த்த ஒரு காட்சி உள்ள வாக்கியத்தைத் தேடுங்கள். அது இருந்தால் கேப்ஷன் பிழைத்தது. ஒரு காட்சிகூட இல்லை, முழுக்கக் கருத்துதான் என்றால், அதை அழித்ததில் நட்டமில்லை.

காலையில் வெட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் மனசு வாதாடுகிறதா? இன்னும் ஆறவில்லை. மறுநாள் பாருங்கள். எடுத்த வரி ஞாபகத்துக்கே வராவிட்டால் போடலாம்.

இன்ஸ்டாகிராம் ஃபீடில் முதல் ஓரிரு வரி மட்டுமே தெரியும், மீதி 'மேலும்' என்பதற்குள் ஒளிந்துவிடும். பலர் அதைத் தொடுவதே இல்லை. அதனால் முதல் இரண்டு வரியை மட்டும் தனியாகப் படித்து, அதுவே முழுச் செய்தியாக நின்றால் யாருக்காவது தப்பாகப் படுமா என்றும் பாருங்கள்.

"போட்டுட்டு அப்புறம் திருத்திக்கலாமே" என்பவர்களுக்கு: ஃபேஸ்புக்கில் பதிவைத் திருத்தினால், பதிவைப் பார்க்க முடிகிறவர்கள் பழைய வடிவத்தையும் திருத்த வரலாற்றில் பார்க்கலாம். நீங்கள் வெட்கப்பட்டு மாற்றிய வரி, மாற்றியதாலேயே கவனத்துக்கு வரும். இன்ஸ்டாகிராம் பதிவை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்குத் தகவல் வராது. போடுவதற்கு ஒரு தட்டு, எடுப்பதற்கு இரண்டு மூன்று பட்டியலுக்குள் நுழைய வேண்டும். மனிதர்கள் இரவில் பலவீனமாக இருப்பார்கள் என்று தெரிந்தும் இப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

இதில் பிழைப்பு நடத்துகிறவர்களிடம் கவனமாக இருங்கள். "சூடா போடுங்க, ஆறிப்போனா ரீச் வராது" என்று சொல்லும் வளர்ச்சி ஆலோசகருக்கு உங்கள் எண்ணிக்கைதான் கூலி. உடைந்த உறவு அவர் கணக்கில் வராது. நேரம் வைத்துப் பதிவிட்டுத் தருகிறேன் என்று கடவுச்சொல் கேட்பவருக்கு எந்தக் காரணத்துக்காகவும் தராதீர்கள். கேப்ஷன் பொட்டலம் விற்பவரின் வரிகளில் உங்கள் தொனி இருக்காது, அதனால் காலையில் படித்தும் எதுவும் பிடிபடாது. இவர்களில் மோசமானவர், போட்டு வருந்துகிறவரிடம் வந்து "எல்லார் போன்லேர்ந்தும் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துடறேன், முன்பணம் அனுப்புங்க" என்பவர். அடுத்தவர் போனில் சேமித்த படத்தை வெளியிலிருந்து அழித்துத் தரும் சேவை என்று ஒன்று கிடையாது. பணம் போகும். கூடவே நீங்கள் மறைக்க நினைத்த பதிவு முன்பின் தெரியாத ஒருவர் கைக்கும் போகும்.

காலைக்குக் காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு: ரத்தம் தேவை, ஆளைக் காணவில்லை போன்ற அவசர அறிவிப்பு. உடனே போடுங்கள். ஆனால் போடும் முன் நான்கு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: என்ன தேவை, எங்கே, எந்தத் தேதி எத்தனை மணி வரை, யாரைக் கூப்பிட வேண்டும். தேதி இல்லாத ரத்த அறிவிப்பு மாதக்கணக்கில் சுற்றும், நோயாளி வீடு திரும்பிய பிறகும் அந்த எண்ணுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். நோயாளியின் பெயரும் நோயின் பெயரும் தேவையே இல்லை, ரத்த வகை போதும். அந்த எண் யாருடையதோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். மறுநாள் காலைப் படிப்பு இதற்கும் உண்டு, வேறு வேலைக்காக: தேவை தீர்ந்ததா என்று விசாரித்து, தீர்ந்திருந்தால் முதல் வரியிலேயே "தேவை முடிந்தது, இனி அழைக்க வேண்டாம்" என்று எழுதி எண்ணை எடுத்துவிடுங்கள். பதிவை அழிப்பதைவிட இது நல்லது. பகிர்ந்தவர்கள் திரும்பி வந்து பார்த்தால் செய்தி முடிந்தது என்று தெரியும்.