கருவாட்டுக் கிடங்கில் படகு வேலை: காப்பீடு செல்லுமா?

"மண்டபத்தில் என் கருவாட்டுக் கிடங்குக்குத் தீக்காப்பீடு உண்டு. மூன்று மாதமாகப் பாதி இடத்தில் பைபர் படகு பழுதுபார்க்கிறேன். புதுப்பிக்கும்போது சொன்னால் போதாதா?"

போதாது, இன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். உங்கள் பிரீமியம் கருவாட்டுக் கிடங்குக்காகக் கணக்கிடப்பட்டது. படகு வேலைக்கான ரெசினில் உள்ள ஸ்டைரீன் எளிதில் தீப்பற்றும். தொழில் மாறி ஆபத்து கூடினால், சேதத்துக்கு முன்பே நிறுவனம் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் எழுத்துமூல ஒப்புதல், தந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொத்துக்குக் காப்பீடு நின்றுவிடும் என்பது வழக்கமான தீக்காப்பீட்டு நிபந்தனை.

நாளை மின்கசிவால் கருவாட்டுப் பக்கம் எரிந்தாலும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ரெசின் டிரம்மையும் கொள்முதல் பில்லையும் பார்த்துவிடுவார். மூன்று மாதமாக மறைத்தீர்கள் என்பதை அவையே காட்டிவிடும். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான்: பலர் ஏஜெண்டிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

வேலை தொடங்கிய தேதி, ரெசினின் அதிகபட்ச இருப்பு இரண்டையும் எழுதி அனுப்புங்கள். எண்டார்ஸ்மென்ட் கைக்கு வரும்வரை ரெசினைக் கிடங்கில் வைக்காதீர்கள்.