ஆச்சி சொன்னது ஒரு பக்கம், மலரில் இடம் இரண்டு வரி

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு மலரில் பழமொழிப் பக்கம் என் பொறுப்பு. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பதற்கு ஆச்சி சொன்னதைக் கேட்டு எழுதினேன், ஒரு பக்கம் வந்துவிட்டது. ஒரு வரியில் பொருள், ஒரு சின்ன எடுத்துக்காட்டு, அவ்வளவுதான் இடம். எதை வைப்பது, எதை எடுப்பது?
– அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: நீங்கள் அனுப்பிய பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு வேண்டிய இரண்டு வரியும் அதிலேயே இருக்கின்றன. மூன்றாவது பத்தியின் நடுவில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு போகும்போது வந்து விழுந்திருக்கின்றன: “அம்மன் கோயில் கொடைக்குப் பேரன் அரிசியைச் சாக்கோடு தூக்கினான். ஆச்சி இந்தப் பழமொழியைச் சொல்லி மரக்காலை எடுத்து வரச் சொன்னாள். அளந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மரக்கால் சேர்த்துப் போடச் சொன்னாள்.”

இதற்கு முன்னும் பின்னும் நீங்கள் எழுதியவை என்னென்ன? தாமிரபரணியில் போட்டது திரும்பாது என்பது. அந்தக் காலத்தில் நெல்லை மரக்காலால் அளந்தார்கள் என்பது. பிள்ளைகள் சிக்கனமாக இருக்க வேண்டும் என்ற அறிவுரை. மூன்றும் படிக்க நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஆறும் மரக்காலும் பழமொழியின் படத்தை விளக்குகின்றன, அறிவுரை நீங்கள் சேர்த்தது. பழமொழியைச் சொன்ன ஆள், கேட்ட ஆள், சொன்ன நேரம் மூன்றும் ஒன்றாக இருப்பது அந்தக் கொடை வரிகளில் மட்டும்தான்.

தொல்காப்பியம் முதுமொழியைப் பற்றிச் சொல்லும்போது ‘குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம்’ என்கிறது. பேச்சில் ஒரு விஷயம் இழுபறியில் நிற்கும்போது அதை முடித்துவைக்க வருவது பழமொழி. அதனால் பெரியவர்களிடம் கேட்கும்போது “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்காதீர்கள். கேட்டால் ஒரு பக்கம்தான் வரும். “கடைசியாக இதை யாரிடம், எதற்காகச் சொன்னீர்கள்?” என்று கேளுங்கள். வருகிற பதிலே எடுத்துக்காட்டு. அங்கே எந்த விஷயம் முடிந்ததோ, அதுவே பொருள்.

சரி, பொருளை ஒரு வரியாக்குவோம். உங்கள் பக்கத்தைச் சுருக்கும் யாருக்கும் முதலில் கைக்கு வருவது ‘சிக்கனமாக இரு’ என்பதுதான். அது தவறு. ஆச்சி அளந்து பார்த்த பிறகு கூடுதலாகப் போடச் சொன்னாள் அல்லவா? சிக்கனம் பார்ப்பவள் அப்படிச் செய்ய மாட்டாள். அவளுக்கு வேண்டியது குறைத்துக் கொடுப்பது இல்லை, எவ்வளவு போகிறது என்று தெரிவது. சிக்கனத்துக்கு ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்று வேறு பழமொழி இருக்கிறது.

அடுத்து வருவது ‘எதையும் அளவோடு செய்’. இது இன்னும் நைசாக ஏமாற்றும், ஏனென்றால் ‘அளவு’ என்ற சொல் உள்ளே இருக்கிறது. ஆனால் ‘அளவோடு’ வேறு, ‘அளந்து’ வேறு. அளவோடு என்றால் மிஞ்சாமல். அளந்து என்றால் கணக்குப் பார்த்து. முதலாவது ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பதன் வீட்டுப் பிள்ளை.

இந்த இடத்தில் பழமொழியின் கீல் எது என்று பார்க்க வேண்டும். இங்கே அது ‘போட்டாலும்’ என்பதில் வரும் ‘-ஆலும்’. ஆற்றில் போடுவது போல வீணாகப் போகிற ஒன்றாக இருந்தாலும்கூட என்று அது அழுத்துகிறது. படத்தை மாற்றலாம், கீலை மாற்றக் கூடாது. ஆறு, போடுவது, அளப்பது மூன்றையும் எடுத்துவிட்டு, ‘-ஆலும்’ மட்டும் நிற்கும்படி எழுதினால் இப்படி வருகிறது:

திரும்பி வராத செலவானாலும், எவ்வளவு என்று தெரிந்து செய்.

ஏழு சொல். படத்திலுள்ள சொற்களை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், ‘ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும்’ என்று எழுதினால் பழமொழியைத் திருப்பிச் சொன்னதாகத்தான் ஆகும். தெரியாத பிள்ளைக்கு அதன் பிறகும் தெரியாது.

இனி எடுத்துக்காட்டு. கொடை நிகழ்ச்சியை அப்படியே எடுத்து, இரண்டு சின்ன வாக்கியத்தில் அடக்கலாம்:

கொடைக்கு அரிசியைச் சாக்கோடு தூக்கினான் பேரன். “ஏல, ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்” என்று ஆச்சி மரக்காலை நீட்டினாள்.

ஆச்சியின் வாயில் ‘ஆத்துல’ என்றே இருக்கட்டும். தலைப்பில் ‘ஆற்றிலே’ என்று எழுத்து வழக்கு இருப்பதால் யாரும் தடுமாற மாட்டார்கள். அம்பாசமுத்திரத்துப் பிள்ளைகளுக்கு அது தங்கள் வீட்டுக் குரலாகவும் கேட்கும். ‘ஒரு ஊரில் ஒருவன் இருந்தான்’ என்று தொடங்காதீர்கள், அந்தத் தொடக்கமே ஒரு வரியைத் தின்றுவிடும். ஆச்சி ஏன் அப்படிச் சொன்னாள் என்று கடைசியில் விளக்கவும் வேண்டாம், மேலே பொருள் நிற்கிறது.

இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எடுத்துக்காட்டில் பழமொழியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் பொருள் வரியை வையுங்கள். “ஏல, திரும்பி வராத செலவானாலும் எவ்வளவுன்னு தெரிஞ்சு செய்யணும்” என்று ஆச்சி மரக்காலை நீட்டினாள். பேச்சு இடறாமல் ஓடுகிறது. அங்கே ‘சிக்கனமாக இரு’ என்பதை வைத்துப் பாருங்கள், சாமிக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் பார்க்கிற ஆச்சியாகிவிடுவாள். அது அவளுக்குச் செய்கிற அநியாயம்.

இன்னொரு சோதனையை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருஷத்துக்கு முன் இதே பழமொழிக்கு ‘சிக்கனம் தேவை’ என்று எழுதி ஒரு வகுப்பில் கொடுத்து, ஆளுக்கொரு எடுத்துக்காட்டு எழுதச் சொன்னேன். வாளித் தண்ணீரில் குளிப்பது, ஒற்றைப் பென்சிலை வருஷம் முழுக்க வைத்திருப்பது என்று வந்தன. ஒன்றில்கூடக் கொடுப்பதும் இல்லை, கணக்கும் இல்லை. பிள்ளைகள் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள், என் வரிதான் தவறு. அதனால் மலர் அச்சுக்குப் போகும் முன், பழமொழியை மறைத்துப் பொருள் வரியை மட்டும் இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்து எடுத்துக்காட்டு கேளுங்கள். மொய் எழுதுவது, கடைக்கு அனுப்பும்போது சில்லறையை எண்ணிக் கொடுப்பது என்று வந்தால் உங்கள் வரி சரி.

எல்லாப் பழமொழியும் இப்படி ஒரே வரிக்குள் வராது. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பதைக் கல்யாண வீட்டில் சொன்னால், சாப்பாட்டுக்கு ஓடி வந்து வேலைக்கு ஒளிகிறவனைக் குத்துவதாக இருக்கும். சாப்பிடும்போது வலது கை முன்னே போகும், அம்பெய்யும்போது பின்னே போகும், அதுதான் உண்மைப் பொருள் என்று விளக்கமும் சொல்கிறார்கள். மலரின் அடுத்த பக்கங்களில் இந்த மாதிரி வந்தால், உங்கள் ஊரில் எதற்காகச் சொல்கிறார்களோ அதையே பொருள் வரியில் வையுங்கள். இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள் என்றால் இரண்டு வரி, இரண்டு எடுத்துக்காட்டு என்று தனித்தனியே கொடுங்கள். இரண்டையும் ஒரே வரியில் கலந்தால் எதற்கும் பொருந்தாத ஒன்று வந்து நிற்கும்.

ஆச்சி சொன்ன அந்த முழுப் பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதியும் ஊரும் எழுதி ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள்.