குழு ப்ராஜெக்ட்டில் ஒருத்தர் வேலை செய்ய, நாலு பேரும் ஒரே மார்க் வாங்குகிறார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்று தனித்தனியாகக் கேட்டுக் கண்டுபிடிக்க மதிப்பீட்டை எப்படி அமைப்பது?

வைவாவில் "இதில் உன் பங்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். நானும் நாலு வருஷம் அதைத்தான் கேட்டேன். அதற்கான பதிலை முந்தின நாள் ராத்திரியே பிரித்து மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

எனக்கு உறைத்தது ஒரு நூலகச் செயலி ப்ராஜெக்ட்டில். நாலு பேர் குழு. ஒரு பையன் சரளமாக விளக்கினான், 20க்கு 18 போட்டேன். ஓரமாக நின்று முணுமுணுத்த பெண்ணுக்கு 9. பிறகு அபராதக் கணக்கில் ஒரு பிழையைத் திருத்தி வரச் சொன்னேன். அந்தப் பையன் வந்து, "அவ லீவு சார், வந்ததும் சரிபண்ணிடுவா" என்றான். மார்க் பட்டியல் அதற்குள் போய்விட்டது. அந்த 9 இன்னமும் எனக்கு உறுத்தல்.

அடுத்த வருஷம் கேள்வியை மாற்றினேன்: "இதை முதலில் எப்படிச் செய்து பார்த்தீர்கள்? ஏன் மாற்றினீர்கள்?" முடிந்த வேலை அறிக்கையில் இருக்கிறது, யாரும் படித்துவிட்டு வரலாம். தூக்கிப்போட்ட வேலை செய்தவர் தலையில் மட்டும்தான் இருக்கும். இன்னொரு குழுவும் அதே நூலகச் செயலியோடு வந்தது. அபராதத்தைப் பற்றிக் கேட்டதும் ஒருவன், "தேதி ஃபங்ஷன் போட்டிருக்கோம் சார்" என்றான். சரிதான், ஆனால் அது அறிக்கையிலேயே இருக்கிறது. பக்கத்தில் இருந்தவன் சொன்னது வேறு: "முதலில் தேதியில் இருக்கும் நாள் எண்ணை மட்டும் கழித்தேன் சார். 25ஆம் தேதி எடுத்த புத்தகம் அடுத்த மாதம் 10ஆம் தேதி திரும்பி வந்தால் மைனஸ் 15 நாள் என்று காட்டியது. ஒரே மாதத்துக்குள் சோதித்ததால் ரொம்ப நாள் கண்ணில் படவில்லை." யார் எழுதியது என்று இதற்கு மேல் கேட்கவேண்டியதில்லை.

இதோடு இன்னும் இரண்டு கேள்வி வைத்துக்கொள்கிறேன். ஒன்று, சின்ன மாற்றம்: "ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, எந்த இடத்தில் கை வைப்பாய்?" செய்து காட்ட வேண்டாம், இடத்தைக் காட்டினால் போதும். எழுதியவர் நேராக அந்த வரிக்குப் போவார். எழுதாதவர் ஃபைலை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே இருப்பார். இரண்டாவது, அடுத்தவர் வேலையோடு சேரும் இடம்: "நீ அனுப்பும் தேதி அவளுக்கு எந்த வடிவத்தில் போகிறது?" அதற்கு மேல் அடுத்தவர் பகுதியைத் தோண்டாதீர்கள். அது பங்கைச் சோதிப்பது ஆகாது, பாடத்தைச் சோதிப்பது. ஆளுக்கு எட்டு நிமிஷம், ஒவ்வொருவராக, கேள்விகளை முன்கூட்டியே அவரவர் பகுதியைப் பார்த்து எழுதிவைத்து. எல்லாரையும் ஒன்றாக நிறுத்தினால் முதல் ஆளின் பதிலையே மற்ற மூன்று பேரும் திருப்பிச் சொல்வார்கள்.

"கிட்டில் `git shortlog -sn` போட்டால் தெரிந்துவிடுமே" என்று யாராவது வருவார்கள். அது கமிட் எண்ணிக்கையை, அதாவது யார் பெயரில் எத்தனை தடவை மாற்றம் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் காட்டும். ஒரே லேப்டாப்பில் மூன்று பேர் உட்கார்ந்து செய்திருந்தால் ஒரே பெயர்தான் வரும். யாரிடம் எதைக் கேட்பது என்று யோசிக்க அது உதவும், மார்க் போட உதவாது.

மார்க்கைக் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். குழுவுக்கு 80, தனி ஆளுக்கு 20 என்று வைத்து, குழு 72 வாங்கினால், தனிக் கேள்வியில் 3 எடுத்தவனுக்கும் 75 வந்துவிடும். 18 எடுத்தவளுக்கு 90. ஒன்றுமே செய்யாதவனுக்கும் எல்லாம் செய்தவளுக்கும் 15 மார்க்தான் வித்தியாசம்! அதற்குப் பதிலாகக் குழு மார்க்கை 100க்குப் போட்டு, தனிக் கேள்வியை வைத்து 0.4 முதல் 1.1 வரை ஒரு காரணியால் பெருக்குகிறேன். குழு 85 என்றால் ஒருவனுக்கு 34, இன்னொருத்திக்கு 93.5. காரணி 0.7க்குக் கீழே போனால் நான் மட்டும் முடிவு செய்வதில்லை, இன்னொரு ஆசிரியர் வேறு கேள்விகளோடு மறுபடி கேட்பார்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களை இது தண்டிக்காதா என்று கேட்பீர்கள். அந்த 9 மார்க்குக்குப் பிறகு அதை நான் யோசிக்காமலா இருப்பேன்? ஃபைலைத் திறந்துவைத்துக்கொண்டு விரலால் காட்டலாம், தாளில் எழுதித் தரலாம், தமிழில் சொல்லலாம். பேச்சுக்கு மார்க்கே இல்லை.

எங்கள் துறையில் தந்திருக்கும் படிவத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். குழுவுக்கு மொத்தம் 20 நிமிஷம், மார்க்குக்கு ஒரே ஒரு கட்டம். ஆனால் ஸ்லைடு வடிவமைப்புக்குத் தனியாக 10 மார்க் உண்டு. மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன். "அடுத்த செமஸ்டரில் பார்க்கலாம்" என்கிறார்கள். அதுவரை காரணியைப் படிவத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.